நாற்பதில் ஒன்று தாமதித்தாலும் பக்கம் தாமதம்தான்

கேள்வி: எங்கள் தேடல் சேவை ஒவ்வொரு தேடலையும் 40 ஷார்டுகளுக்கு அனுப்பி, எல்லாப் பதில்களும் வந்த பிறகு பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு ஷார்டின் p50 12 மில்லி விநாடி, p95 30, p99 200. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பக்கங்களில் ஒன்று 200-ஐத் தாண்டுகிறது. ஒவ்வொரு ஷார்டுக்கும் இரண்டு ரெப்ளிகா உண்டு. இரண்டுக்கும் ஒரே கோரிக்கையை அனுப்பலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். லோடு இரட்டிப்பாகிவிடாதா?

பதில்: உடனே இரண்டுக்கும் அனுப்பினால் இரட்டிப்பாகும். கொஞ்சம் காத்திருந்து அனுப்பினால் ஆகாது. அந்தக் காத்திருப்பை எவ்வளவு வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் உங்கள் 'மூன்றில் ஒன்று' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை போட முடியும். உங்கள் பக்கமும் அப்படித்தான். ஒரு ஷார்டு 200-க்குள் பதில் தரும் வாய்ப்பு 0.99. நாற்பதும் தர வேண்டுமென்றால் 0.99-ஐ 40 முறை பெருக்க வேண்டும், வருவது 0.67. மீதி 33 சதவீதம் பக்கங்கள் தாமதம். ஆக உங்கள் சர்வர்களில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. ஷார்டு டாஷ்போர்டில் நூற்றில் ஒன்றாகத் தெரிவது, பக்கத்தில் மூன்றில் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கத்தின் p99-ஐ 200-க்குள் கொண்டுவர வேண்டுமானால் ஒவ்வொரு ஷார்டும் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு முறைதான் 200-ஐத் தாண்டலாம். சர்வரை மட்டும் மெருகேற்றி அந்த அளவுக்குப் போவது மிகக் கடினம். குப்பை சேகரிப்பு, இண்டெக்ஸ் மெர்ஜ், டிஸ்க் தாமதம் என்று ஏதாவது ஒன்று எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் தாமதத்தை ஒழிக்கப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவதுதான் ஹெட்ஜ் கோரிக்கை. முதல் ரெப்ளிகாவிடம் கேளுங்கள். 30 மில்லி விநாடி, அதாவது உங்கள் p95 வரை, பொறுத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் மட்டும் இரண்டாவதிடம் கேளுங்கள். எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்யுங்கள். நூற்றில் ஐந்து கோரிக்கைகளே 30-ஐத் தாண்டும் என்பதால் கூடுதல் லோடும் ஐந்து சதவீதம்தான்.

பலன் எவ்வளவு? ஒரு ஷார்டு 60-ஐத் தாண்ட வேண்டுமென்றால் முதல் ரெப்ளிகா 30-ஐத் தாண்டியிருக்க வேண்டும் (5%), இரண்டாவதும் தன் பங்குக்கு 30-ஐத் தாண்ட வேண்டும் (5%). பெருக்கினால் நானூற்றில் ஒன்று. நாற்பது ஷார்டுகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பக்கங்கள் 60-க்குள் முடிந்துவிடும். 230-ஐத் தாண்டும் பக்கங்கள் அரை சதவீதத்துக்கும் கீழே. இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் கூகுளின் பிக்டேபிளில் அளந்த ஒன்றைச் சொல்கிறார்கள்: 100 சர்வர்களில் பரவிய 1,000 சாவிகளைப் படிக்கும் சோதனையில், 10 மில்லி விநாடிக்குப் பிறகு ஹெட்ஜ் அனுப்பியபோது p99.9 1,800-லிருந்து 74-ஆகக் குறைந்தது. கூடுதல் கோரிக்கைகள் 2 சதவீதம்.

கோ மொழியில் இதன் கரு இவ்வளவுதான்:

```go
ctx, cancel := context.WithCancel(ctx)
defer cancel()
ch := make(chan result, 2)
go ask(ctx, a, q, ch)
select {
case r := <-ch:
	return r.reply, r.err
case <-time.After(d):
}
if budget.Take() {
	go ask(ctx, b, q, ch)
}
r := <-ch
return r.reply, r.err
```

சேனலுக்கு இடம் 2 என்று வைத்ததைக் கவனியுங்கள். அதை விட்டால் தோற்ற கோரூட்டீன் பதிலைப் போட இடமில்லாமல் அப்படியே நின்றுவிடும்; மெமரி மெல்ல ஏறும். இன்னொரு இடமும் உண்டு: கடைசி `<-ch` பிழையையும் வெற்றியாக எடுத்துக்கொள்ளும். கெட்டுப்போன ரெப்ளிகா ஒரு மில்லி விநாடியில் பிழையைத் திருப்பினால் அதுதான் பந்தயத்தில் முந்தும். இரண்டாவது கோரிக்கை போயிருந்து, முதலில் வந்தது பிழையாக இருந்தால், அடுத்ததற்குக் காத்திருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். `cancel()`-ஐ சர்வர் பக்கம் மதிக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் கோட் `ctx`-ஐப் பார்க்கவே இல்லையென்றால், ரத்து செய்தபின்னும் அங்கே வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

காத்திருப்பு நேரமான `d`-ஐ, கேட்பவர் பக்கத்தில் அளந்த p95-லிருந்து எடுங்கள். சர்வர் தன் கணக்கைப் பெரும்பாலும் கோரிக்கையை வரிசையிலிருந்து எடுத்த பிறகுதான் தொடங்கும். வரிசையில் நின்ற நேரம் அதில் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். மேலே 5%-ஐ 5%-ஆல் பெருக்கினோமே, இரண்டு ரெப்ளிகாக்களின் தாமதமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது என்றால்தான் அது சரி. தேடலே கனமானதாக இருந்தால், எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லைத் தேடினால், இரண்டாவதும் அதே 200 எடுக்கும். ஹெட்ஜ் அங்கே வேலையை இரட்டிப்பாக்குவதைத் தவிர எதுவும் செய்யாது. இதைக் கண்டுபிடிக்க, ஹெட்ஜ் போன ஒவ்வொரு முறையும் யார் வென்றார், எவ்வளவு நேரத்தில் என்று பதியுங்கள். அனுப்பி 12, 15-இல் இரண்டாவது வென்றால் முதல் ரெப்ளிகாவுக்குத்தான் ஏதோ தடங்கல். பெரும்பாலும் முதலே வென்றால் தேடலைத்தான் பார்க்க வேண்டும். தோற்றவரை ரத்து செய்வதால் அவருடைய நேரம் தெரியாமல் போகும் என்பதால், ஆயிரத்தில் ஒரு ஹெட்ஜை ரத்து செய்யாமல் ஓடவிட்டு இரண்டையும் அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்த `budget`, அதாவது எத்தனை ஹெட்ஜ் போகலாம் என்பதற்கான வரம்பு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது இல்லாமல் ஹெட்ஜை இறக்கினோம். ஒரு நாள் புதிய இண்டெக்ஸ் ஏறியது. எல்லா ரெப்ளிகாக்களின் கேஷும் காலி. எல்லாக் கோரிக்கைகளும் காத்திருப்பு நேரத்தைத் தாண்ட, எல்லாவற்றுக்கும் ஹெட்ஜ் போனது. லோடு இரட்டிப்பு. கேஷ் நிரம்பிய பிறகும் வேகம் திரும்பவில்லை, ஏனென்றால் இப்போது தாமதத்தை உண்டாக்குவதே ஹெட்ஜ்தான். அதை அணைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அதனால் ஒவ்வொரு அசல் கோரிக்கைக்கும் 0.08 டோக்கன் சேருங்கள். ஒரு ஹெட்ஜுக்கு ஒரு டோக்கன் கழியுங்கள். சேமிப்பு 100-ஐத் தாண்ட வேண்டாம். சாதாரண நாளில் 5 சதவீதம் தாராளமாகப் போகும். எல்லாமே மெதுவான நாளில், சேமிப்பு தீர்ந்ததும், 8 சதவீதத்தோடு நின்றுவிடும்.

உங்கள் தேடல் வெறும் படிப்பு என்பதால் ஒரே கோரிக்கை இரண்டு முறை ஓடினாலும் பாதகமில்லை. அதே கிளையன்ட்டில் எழுதும் அழைப்புகளும் இருந்தால் ஹெட்ஜை எல்லாவற்றுக்கும் போடாமல், தேடல் அழைப்புக்கு மட்டும் பெயர் சொல்லித் திறந்துவிடுங்கள். ஒரே ஒரு ஷார்டில் ஒரு வாரம் ஓட்டி, இரண்டாவது எத்தனை முறை வெல்கிறது என்று பார்த்த பிறகு மற்ற 39-க்கும் போகலாம்.