நைட் ஷிப்டில் பாதித் தூக்கம்: மாத்திரையை விட வெயிலைக் கவனியுங்கள்

கேள்வி: சிறுசேரியில் ஐ.டி. வேலை. வயது 31. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 9 முதல் காலை 6 வரை நிரந்தர நைட் ஷிப்ட். கேபில் வீட்டுக்கு வந்து எட்டரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. லீவு நாட்களில் எல்லோரையும் போல இரவு 11 மணிக்குப் படுத்து காலை 7 மணிக்கு எழுகிறேன். அண்ணன் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த 10 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரை போட்டும் பெரிய பலன் இல்லை. ஆகஸ்டில் இரண்டு வாரம் சான் பிரான்சிஸ்கோ போகிறேன். அங்கேயும் இதையே போடலாமா?

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காலையில் கேபில் வரும்போது கண்ணில் படும் வெயில். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, அதைவிடப் பல மடங்கு பலத்தோடு வெயில் எதிர்ப் பக்கம் இழுக்கிறது.

மூளையில் இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு பகுதி இருக்கிறது. சூப்ராகயாஸ்மேட்டிக் நியூக்ளியஸ் என்று பெயர். உடலின் தலைமைக் கடிகாரம் இதுதான். யாரும் திருத்தாமல் விட்டால் சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அதிகம் எடுத்து ஒரு சுற்று ஓடும். ஆகவே தினமும் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். விழித்திரையில், நாம் பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி வகைச் செல்கள் உண்டு. நீல நிற ஒளிக்கு அதிகம் துடிக்கும் இந்தச் செல்கள், வெளியே பகலா இரவா என்பதை நேராகக் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. கடிகாரம் அதை வைத்து, மெலடோனினைச் சுரக்கும் பினியல் சுரப்பிக்கு ஆணையிடுகிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் ஏறத் தொடங்கி, காலையில் இறங்கிவிடும். 'இரவு வந்துவிட்டது' என்று உடல் முழுக்கச் சொல்லும் செய்திதான் மெலடோனின். அடித்துப் போடும் தூக்க மருந்து அல்ல.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு நாளில் உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அலாரம் இல்லாமல் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அது வரும். லீவு நாளில் நீங்கள் 7 மணிக்கு எழுவதால், உங்களுக்கு அது காலை நாலரை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒரு நேரத்தை மட்டும்தான். இதற்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் படும் பிரகாசமான வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதாவது தூக்கம் தாமதமாக வரும், விழிப்பும் தாமதமாக வரும். இதற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் நேர்மாறாக, கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும்.

நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு வேண்டியது கடிகாரம் பின்னால் போவது. நீங்களோ ஆறரை, ஏழு மணிக்கு, அந்த நாலரையைத் தாண்டிய பிறகு, ஜன்னலோரம் வெயில் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். அலுவலக விளக்கு மேசை மீது முன்னூறு, ஐந்நூறு லக்ஸ் தரும். திறந்த வெளியின் காலை வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ். கடிகாரம் தினமும் பகல்காரர் நேரத்துக்கே இழுத்துக் கட்டப்படுகிறது. எட்டரைக்கு அசதியில் தூங்கிவிடுவீர்கள். ஆனால் அதற்குள் உடல் வெப்பம் ஏறத் தொடங்கியிருக்கும். அசதி கொஞ்சம் தீர்ந்ததும், பதினொன்றரைக்கு, கடிகாரம் எழுப்பிவிடும்.

இதற்கு வழி என்ன? முழுவதுமாக இரவு ஆளாக மாறினால் சனி, ஞாயிறு வீட்டில் யாருடனும் ஒட்ட முடியாது. மாறாமல் இருந்தால் தூக்கம் இல்லை. அமெரிக்காவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் சோதித்துக் காட்டிய நடுவழி ஒன்று இருக்கிறது. நிரந்தர நைட் ஷிப்டுக்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிட நடைமுறைக்கு ஒத்தது இல்லை. அந்த நாலரையைக் காலை 10 மணிக்குத் தள்ளி அங்கேயே நிறுத்துவதுதான் யோசனை. அப்போது வேலை நாளில் எட்டரை முதல் மூன்றரை வரை தூங்க முடியும். லீவு நாளில் விடிகாலை 3 முதல் நண்பகல் 12 வரை தூங்க முடியும். இரண்டு தூக்கத்துக்குள்ளும் அந்த 10 மணி விழுந்துவிடும்.

செய்முறை இது. ஷிப்டில் நள்ளிரவு பன்னிரண்டரை முதல் நாலரை வரை, மணிக்கு ஒரு முறை, கால் மணி நேரம் பிரகாசமான விளக்கின் முன் இருங்கள். மேசையில் வைக்கும் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி கிடைக்கிறது. தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், உற்றுப் பார்க்கத் தேவையில்லை. முதல் இரண்டு இரவு நாலு மணிக்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கடிகாரம் இன்னும் நகராதபோது ஐந்து மணி வெளிச்சம் எதிர்த் திசையில் வேலை செய்யும். கட்டடத்தை விட்டு வெளியே அடி எடுத்து வைக்கும் முன்பே நல்ல கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் புகாத, முகத்தோடு ஒட்டிய சட்டம் நல்லது. படுக்கையறைக் கதவைச் சாத்தும் வரை கழற்றாதீர்கள். நீங்கள் கேபில் வருவதால் இதைத் துணிந்து சொல்கிறேன். தூக்கக் கலக்கத்தோடு பைக் ஓட்டி வருகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது.

படுக்கையறை எவ்வளவு இருட்டாக வேண்டும்? கையை நீட்டினால் விரல்கள் தெரியக் கூடாது. சாதாரணத் திரைச்சீலை போதாது. ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டி, அதன் மேல் தடித்த திரை போடுங்கள். ஏ.சி. பொருத்திய இடத்தில் இடுக்கு இருந்தால் அதையும் அடையுங்கள். பகல் புழுக்கத்தில் அறை சூடாக இருந்தாலும் தூக்கம் உடையும். மூன்றரைக்கு எழுந்ததும் கண்ணாடி இல்லாமல் கால் மணி நேரமாவது மொட்டைமாடியிலோ தெருவிலோ நில்லுங்கள். கடிகாரம் பத்து மணியைத் தாண்டி ஓடிவிடாமல் பிடிக்கும் பிரேக் அது.

சனிக்கிழமை மட்டும் பகல் ஒன்றரை மணிக்கு எழுந்துவிடுங்கள். அன்று இரவும் ஞாயிறு இரவும் 3 மணிக்குப் படுத்து நண்பகலில் எழுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சனி இரவு 11 மணிக்குப் படுத்து ஞாயிறு காலை வெயிலில் நடந்தால், ஒரு வாரம் தள்ளியதில் பெரும் பகுதி திரும்பிவிடும். வீட்டில் பேசிப் புரியவைக்க வேண்டியது இதைத்தான்.

கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம்போல நகரும். ஐந்தரை மணி நேரம் தள்ள ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கலாம். நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம்: இப்போது ஷிப்டில் நாலு, ஐந்து மணிக்குக் கண் சொருகி, குளிர்வதுபோல இருக்கும் இல்லையா, அந்த நேரம் ஆறு, ஏழு என்று தள்ளிப்போய், கடைசியில் படுக்கையில் இருக்கும்போது வரும். விழிப்பும் பதினொன்றரையில் இருந்து ஒன்று, இரண்டு என்று நகரும். இரண்டு வாரத்தில் இது எதுவும் நடக்கவில்லை என்றால், காலையில் எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று பொருள்.

அப்புறம் மாத்திரை. மெலடோனின் வேலை செய்யும் திசை வெளிச்சத்துக்கு நேர் எதிர். மாலையில் போட்டால் கடிகாரம் முன்னுக்கு வரும், காலையில் போட்டால் பின்னுக்குப் போகும். ஆக, எட்டரை மணிக்கு நீங்கள் போட்டது சரியான திசைதான், வெயிலோடு மோதித் தோற்றுவிட்டது. ஆனால் 10 மில்லிகிராம் தேவையே இல்லை. 0.3 மில்லிகிராமே, இரவில் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் அளவுக்கு ஏற்றிவிடும். அதிக அளவு போட்டால், மிச்சம் ரத்தத்தில் நெடுநேரம் தங்கி, செய்தி குழம்பும். படுக்கும் முன் 0.5 முதல் 3 மில்லிகிராம் போதும், அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான். இன்னொன்று, கனடாவில் கடைகளில் வாங்கிய மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாகவும் 478 சதவீதம் அதிகமாகவும் இருந்தவை அகப்பட்டன.

சான் பிரான்சிஸ்கோ ஆகஸ்டில் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். மேலே சொன்னதை முன்பே செய்திருந்தால் உங்கள் 10 மணி அங்கே இரவு ஒன்பதரை. அதை விடிகாலை நாலரைக்குத் தள்ள இன்னும் ஏழு மணி நேரம்தான் பாக்கி. ஒன்றும் செய்யாமல் போனால் உங்கள் நாலரை அங்கே மாலை நான்கு மணி, பன்னிரண்டரை மணி நேரம் பாக்கி. அந்த நிலையில் 'ஜெட் லாக் போக மாலை ஐந்து மணி வெயிலில் நட' என்று யாராவது சொல்லிக் கேட்டால், கடிகாரம் எதிர்ப் பக்கம் நகரும்.

கடிகாரத்தை 10 மணிக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தால், அங்கே இறங்கிய நாள், மாலை நாலு முதல் சூரியன் மறையும் எட்டு மணி வரை வெளியே இருங்கள். கண் சொருகும், விடாதீர்கள். ஒன்பதரைக்குப் பிறகு மங்கிய விளக்கு மட்டும். பத்து மணிக்குப் படுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வரும். அப்போது விளக்குப் போட்டு லேப்டாப் திறந்தால், மாலையில் சம்பாதித்ததை இழப்பீர்கள். இருட்டிலேயே படுத்திருங்கள். முதல் நான்கைந்து நாள் காலை பத்து மணி வரை வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நகர்ந்து, ஐந்து முதல் ஏழு நாளில் அந்த ஊர் நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். மாத்திரை வேண்டுமானால் முதல் நான்கு இரவுகள், படுக்கும்போது, மேலே சொன்ன சிறிய அளவில். அதற்குமேல் வேண்டாம்.

திரும்பி வரும்போது உங்கள் கடிகாரம் நைட் ஷிப்டுக்கு நன்றாகவே பொருந்தும், நேராக வேலைக்குப் போகலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், ஃப்ளூவாக்சமின் எடுப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மெலடோனினைத் தாமாக எடுக்கக் கூடாது. விழித்திரை நோயோ இருமுனைக் கோளாறோ இருந்தால், ஒளிப்பெட்டிக்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும். வாரம் ஒரு ஷிப்ட் என்று சுழலும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கடிகாரம் தள்ளும் முறையில் இறங்க வேண்டாம். அது நகர்ந்து முடிக்கும்முன் ஷிப்ட் மாறிவிடும். ஷிப்டுக்கு முன் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு உதவும். நீங்கள் ஏழு மணி நேரம் தூங்கிய பிறகும் அசதி தீரவில்லை, குறட்டையும் பலமாக இருக்கிறது என்றால், அது கடிகாரக் கோளாறு அல்ல. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.