n−1 ஏன் என்று ஜூனியர் கேட்டால்

வணக்கம் சார். எம்.எஸ்ஸி. புள்ளியியல் முதலாண்டு படிக்கிறேன். மார்க் வருகிறது, ஆனால் எதுவும் உள்ளே இறங்கிய மாதிரி இல்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து படிக்கலாம், சனிக்கிழமைகளில் பி.எஸ்ஸி. ஜூனியர்களுக்குச் சொல்லித் தரலாம் என்று நினைக்கிறோம். இதனால் எங்களுக்குப் புரியுமா? எப்படி நடத்துவது?
— ச., திருச்சி

அன்புள்ள ச.,

புரியும். ஆனால் ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொண்டு ஸ்லைடு போட்டு வாசிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தப் பாடத்தை எடுத்தவர் மட்டும் தயாராகி வருவார், மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள், நாலு பேரும் அதையே தயார் செய்யுங்கள், யார் பேசுவது என்பதை அங்கே போய்ச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் கேள்வியாக இதை வைக்கலாம்: மாதிரியின் வேரியன்ஸைக் கணக்கிடும்போது ஏன் n-ஆல் வகுக்காமல் n−1-ஆல் வகுக்கிறோம்? 'டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் ஒன்று போய்விடுகிறது' என்று நீங்கள் சொல்வீர்கள், தேர்வில் அதற்கு மார்க்கும் உண்டு. ஜூனியர், 'போனால் என்ன, வகுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்பான். அங்கே நீங்கள் நின்றுவிட்டால், புரியாமல் இருந்த இடம் அதுதான். அதனால் அந்தச் சொல்லையே பயன்படுத்தாமல் விளக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சீட்டுகளில் 0, 3, 6 என்று எழுதி டப்பாவில் போடுங்கள். சராசரி 3. விலக்க வர்க்கங்கள் 9, 0, 9, ஆக உண்மையான வேரியன்ஸ் 6. இப்போது இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், முதல் சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். வரக்கூடிய ஜோடிகள் மொத்தம் ஒன்பதுதான், எல்லாவற்றையும் போர்டில் எழுதிவிடலாம். ஒவ்வொரு ஜோடியிலும் விலக்கத்தை அந்த ஜோடியின் சொந்தச் சராசரியிலிருந்து அளங்கள். ஒரே எண் இரண்டு முறை வரும் மூன்று ஜோடிகளுக்கு விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 0. மூன்று வித்தியாசம் உள்ள நான்கு ஜோடிகளுக்கு 4.5. (0,6), (6,0) இரண்டுக்கும் 18. எல்லாம் கூட்டினால் 54, ஒன்பதால் வகுத்தால் சராசரியாக 6. இதை n-ஆல், அதாவது 2-ஆல் வகுத்தால் 3 வரும், உண்மையில் பாதி. n−1-ஆல், அதாவது 1-ஆல் வகுத்தால் சரியாக 6.

இதோடு நிறுத்தாமல் (0,3) என்ற ஒரு ஜோடியை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதன் சொந்தச் சராசரி 1.5, அதிலிருந்து அளந்தால் வர்க்கக் கூட்டுத்தொகை 4.5. உண்மைச் சராசரியான 3-இலிருந்து அளந்தால் 9. சொந்தச் சராசரி என்பதே வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைந்தபட்சமாக்கும் எண், அதனால் அங்கிருந்து அளந்தால் வரும் தொகை உண்மைச் சராசரியிலிருந்து அளப்பதைவிட ஒருபோதும் அதிகமாகாது. ஒன்பது ஜோடிகளையும் 3-இலிருந்து அளந்தால் சராசரி 12 வரும், சொந்தச் சராசரியிலிருந்து அளந்தால் 6. காணாமல் போன 6 என்பது சரியாக ஒரு வேரியன்ஸ். இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்று. அந்த 'ஒன்று போய்விடுகிறது' எங்கிருந்து வந்தது என்று இப்போது போர்டிலேயே தெரியும்.

அப்புறம்தான் நல்ல கேள்விகள் வரும். சீட்டைத் திரும்பப் போடாமல் எடுத்தால்? ஆறு ஜோடிகள்தான், n−1-ஆல் வகுத்தும் சராசரி 9 வரும், 6 வராது. உங்கள் குழுவில் யாருக்காவது 9 வந்தால் கணக்குப் பிழை என்று அடித்துவிடாதீர்கள், அவர் சீட்டைத் திரும்பப் போடவில்லை என்று பொருள். ஒவ்வொரு எடுப்பும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் புத்தகத்தில் எல்லாரும் கண்ணால் கடந்துபோயிருப்போம், அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று இங்கேதான் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்: அப்படியானால் வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கமும் சரியாக வருமா? வராது. ஒன்பது ஜோடிகளின் திட்ட விலக்கங்களைச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 1.89, உண்மையானது 2.45. n−1 வேரியன்ஸைத்தான் சரிசெய்கிறது, வர்க்கமூலம் எடுத்ததும் மறுபடி குறைந்துவிடுகிறது. மாதிரி பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை சுருங்கும், ஆனால் இரண்டு பேர் கொண்ட மாதிரியில் அது சின்ன விஷயம் இல்லை.

ஜூனியர் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை ஒரு நோட்டில் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் நாலு பேரும் வாரநடுவில் கூடும்போது அந்த நோட்டுதான் பாடத்திட்டம்.

சரி, சீட்டு காட்டாதது ஒன்று உண்டு. இது ஒரே ஒரு டப்பாவின் கணக்கு, எல்லா n-க்கும் பொருந்துகிறதா என்பதற்கு நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டிய வரி இது:

```
Σ(x−μ)² = Σ(x−x̄)² + n(x̄−μ)²
```

இரண்டு பக்கமும் எதிர்பார்ப்பு மதிப்பு எடுங்கள், கடைசி உறுப்பு σ² என்று வரும். அதை ஜூனியர் முன்னால் போர்டில் செய்வதற்கு முன் நாலு பேரும் தனித்தனியாக, புத்தகத்தை மூடிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.