நீர் மாத்திரைக்கு மசியாத கை வீக்கம்

கேள்வி: எனக்கு 54 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் வலது மார்பில் புற்றுக்கட்டி என்று ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்டும் வைத்தார்கள். நான்கு மாதமாக வலது கை மெல்ல மெல்ல வீங்குகிறது, வளையல் ஏறுவதில்லை. டெய்லர் டேப்பில் அளந்தேன்: முழங்கைக்குக் கீழே இடது கை 23 செ.மீ., வலது கை 26.5 செ.மீ. கிட்னி, இதயம் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நீர் மாத்திரை போட்டால் இரண்டு நாள் வற்றினாற்போல் இருந்து திரும்ப வீங்குகிறது. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துப் பார்த்தேன். போன மாதம் மீன் கழுவும்போது முள் குத்தி, மறுநாளே கை முழுக்கச் சிவந்து குளிர் ஜுரம் வந்தது. சர்க்கரை கிடையாது. ஒரு சின்ன முள்ளுக்கு இவ்வளவா?
– ஒரு வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

பதில்: முதலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இந்த வாரமே கையைக் காட்டுங்கள். அக்குளிலும் கழுத்தெலும்புக்கு மேலும் புதிதாகக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கையின் ரத்த நாளங்களுக்கு ஒரு டாப்ளர் ஸ்கேனும் எழுதுவார். சிரைக்குள் ரத்தம் உறைந்தாலும் கை வீங்கும். ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் திடீரென்று வரும். கை நீலம் பாரிக்கும், தோளைச் சுற்றி நரம்புகள் புடைத்துத் தெரியும். மாதக்கணக்கில் நைசாக ஏறிய உங்கள் வீக்கம் அந்த ஜாதி இல்லை. இதயமோ கிட்னியோ பழுதாகி வரும் வீக்கமும் ஒரே ஒரு கையில் வந்து உட்காராது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது லிம்ஃபெடீமா, அதாவது நிணநீர் போகும் வழி அடைபட்டு வரும் வீக்கம்.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வலது கை கொஞ்சம் பருத்தே இருக்கும். ஆனால் இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நாங்கள் கணக்கில் எடுப்போம், உங்களுக்கு மூன்றரை. சுற்றளவு 23 உள்ள கையின் குறுக்குப் பரப்பு சுமார் 42 சதுர செ.மீ.; 26.5 என்றால் கிட்டத்தட்ட 56. அந்த இடத்தில் 10 செ.மீ. நீளத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 140 மில்லி கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அதாவது அரை டம்ளருக்கும் மேல்.

அது எங்கிருந்து வந்தது? சிறுநீரில் போகாமல் தங்கிய நீர் என்று நினைத்துத்தான் மாத்திரை போட்டீர்கள். உண்மையில் இது தினமும் உங்கள் ரத்தத்திலிருந்தே கசிவது. எல்லோருக்கும் நடப்பதுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக நாள் முழுக்க நீர் தசைக்கும் தோலுக்கும் இடையே கசிகிறது. உடம்பு முழுவதற்கும் சேர்த்து நாளொன்றுக்கு 8 லிட்டர் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. ரத்தத்தில் உள்ள மொத்த பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான். கசிந்தது திரும்பி வராவிட்டால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். இந்த நீரில் பெரும்பகுதி அதே ரத்தக் குழாய்க்குள்ளேயே திரும்பிவிடுகிறது என்றுதான் என் காலத்துப் பாடப்புத்தகம் சொன்னது. இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. பெரும்பாலான திசுக்களில் ஏறக்குறைய முழுவதும் நிணநீர்க் குழாய் வழியாகவே திரும்புகிறது.

நீரோடு புரதமும் கசிகிறது. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. நீர் சின்ன மூலக்கூறு, எப்படியாவது வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஆல்புமின் மாதிரிப் பெரிய புரதம் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் ரத்தக் குழாய்க்குள் நேராகத் திரும்பப் புக முடியாது. அதற்கு இருக்கும் ஒரே வழி நிணநீர்க் குழாய். அந்த வழி அடைபட்டால் புரதம் கையிலேயே தேங்குகிறது, தேங்கிய புரதம் தன்னைச் சுற்றி நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. நீர் மாத்திரை ரத்தத்திலிருந்து நீரைப் பிரித்துச் சிறுநீரில் தள்ளும், அதனால் கையும் கொஞ்சம் வற்றும். ஆனால் புரதம் அங்கேயேதான் இருக்கிறது, இன்னும் அடர்த்தியாக. மாத்திரையின் வேகம் குறைந்ததும் மறுபடி நீரை இழுக்கிறது. உங்கள் இரண்டு நாள் கணக்கு இதுதான். மாத்திரையை இந்த வீக்கத்துக்காகப் போடுவதை நிறுத்துங்கள். தண்ணீரையும் வழக்கம்போல் குடியுங்கள். சிலர் முட்டை, பருப்பைக் குறைத்தால் கையில் உள்ள புரதம் குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது, உடம்புதான் மெலியும்.

ஒரு விரல் நுனியில் ஆரம்பிக்கும் நிணநீர்க் குழாயைப் பின்தொடர்ந்து போனால் எங்கே தடை என்று புரியும். அது ஒரு முனை மூடிய மெல்லிய குழாய். அதன் சுவரில் உள்ள செல்களின் விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி இருக்கின்றன. அந்தச் செல்களை நுண்ணிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு கட்டி வைத்திருக்கின்றன. திசு கொஞ்சம் உப்பினால் இழைகள் இழுபடும், கதவு திறக்கும், நீரும் புரதமும் உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வர முடியாது. அடுத்து வரும் பெரிய நிணநீர்க் குழாய்களுக்கு வால்வும் உண்டு, சொந்தத் தசையும் உண்டு. இதயம் மாதிரி ஒரு பம்ப் இல்லாமல், வால்வுக்கு வால்வு குழாயே நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி மேலே தள்ளுகிறது. நீங்கள் கையை அசைக்கும்போது தசையும் சேர்ந்து பிழிகிறது. இப்படி அக்குளில் உள்ள நெறிகளுக்கு வந்து, வடிகட்டப்பட்டு, வலது கழுத்தெலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் ரத்தத்தோடு கலக்கிறது. வலது கை, வலது பக்கத் தலை, வலது மார்பு ஆகியவற்றின் நிணநீர் மட்டும் இந்த வழி. மிச்ச உடம்பு முழுவதும் இடது பக்கம் போய்ச் சேர்கிறது.

அக்குளில் இருபது முப்பது நெறிகள் இருக்கும். புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை நீக்கவும் அவற்றை எடுத்தார்கள். அதில் தவறேதும் இல்லை. கதிர்வீச்சால் மிச்சமிருந்த குழாய்களைச் சுற்றித் தழும்பு இறுகியிருக்கும். அப்படியென்றால் ஏன் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை? எஞ்சிய குழாய்கள் கூடுதல் பாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தன. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அவற்றின் தசை தளர்ந்து, குழாய் அகன்று, வால்வு சரியாக மூடாமல் போகும்போதுதான் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள்.

சரி, மீன் முள். முள் குத்திய இடத்தில் பாக்டீரியா நுழைந்ததும், தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் அதை விழுங்கி, அதன் துண்டுகளை, அதாவது ஆன்டிஜென்னை, மேலே ஏந்திக்கொண்டு மேலே சொன்ன நிணநீர்க் குழாய்க்குள்ளேயே புகுகின்றன. ஆன்டிஜென்னில் கொஞ்சம் நீரில் மிதந்தபடி அவற்றுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். செல்கள் வந்துசேர ஒரு நாள் போல ஆகும். நெறிக்குள் லட்சக்கணக்கான லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. அந்த ஆன்டிஜென்னுக்குப் பொருந்துகிற ஒன்றிரண்டு அங்கே அதைச் சந்தித்துப் பெருகி, ரத்தம் வழியாகத் திரும்பக் கைக்கு வந்து சண்டை போடுகின்றன. காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இந்த வேலையின் அடையாளம்தான். உங்கள் வலது கையில் சந்திக்கும் இடமும் இல்லை, போகும் வழியும் மந்தம். கூடவே தேங்கிய புரத நீர் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. அதனால்தான் ஒரு முள் செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்றாக மாறியது, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. இன்னொரு சங்கடம், இப்படி ஒவ்வொரு முறை சிவந்து ஜுரம் வரும்போதும் மிச்சமிருக்கும் குழாய்களும் சேதமாகி வீக்கம் ஒரு படி ஏறும்.

கட்டைவிரலால் முன்கையைப் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் உள்ளே இருப்பது இன்னும் பெரும்பாலும் நீர்தான், நான்கு மாதத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்புறம் ஆள்காட்டி விரலின் அடியில் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். இடது கையில் மடிப்பு எழும்பி, வலது கையில் எழும்பாவிட்டால் தோல் தடிக்கத் தொடங்கிவிட்டது. வருஷக்கணக்கில் விட்டால் புரதம் தேங்கிய இடத்தில் நாரும் கொழுப்பும் வளர்ந்துவிடும், பிறகு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தப் பகுதி வற்றாது. யானைக்கால் கெட்டியாவதும் இப்படித்தான், அங்கே குழாயைக் கெடுப்பது புழு.

சிகிச்சை பிசியோதெரபிஸ்டிடம் இருக்கிறது, ஆனால் லிம்ஃபெடீமாவில் பயிற்சி பெற்றவராகக் கேட்டுப் போங்கள். முதல் இரண்டு முதல் நான்கு வாரம், அதிகம் இழுபடாத பேண்டேஜைப் பல அடுக்காகக் கட்டிவிட்டு, கட்டோடேயே கையை அசைக்கும் பயிற்சி தருவார்கள். தசை உள்ளிருந்து தள்ள, கட்டு வெளியிலிருந்து தாங்க, நீர் மேலே நகரும். கூடவே செய்யும் மசாஜ் மிக மென்மையானது, தோலை மட்டும் லேசாக நகர்த்துவது. ஊரில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவார்களே, அது வேண்டவே வேண்டாம். ரத்த ஓட்டம் கூடி, கசிவுதான் அதிகமாகும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே.

கை வற்றிய பிறகு அளவெடுத்து கம்ப்ரெஷன் ஸ்லீவ் வாங்க வேண்டும். வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கினால் பணம் வீண். உங்களுக்கு வளையல் ஏறவில்லை என்பதால் உள்ளங்கையும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படியானால் கையுறை சேர்ந்த ஸ்லீவ் வேண்டும். மணிக்கட்டோடு முடிகிற ஸ்லீவ் நீரை விரல்களுக்குத் தள்ளிவிடும். மும்பையின் ஜூன், ஜூலை புழுக்கத்தில் நாள் முழுக்கப் போடுவது கொடுமைதான், தெரியும். இரண்டாக வாங்கித் தினமும் மாற்றித் துவைத்துப் போடுங்கள். ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், அப்போது புதிது. இரவில் கழற்றலாம்.

இந்தக் கையை வைத்து வேலையே செய்யக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகுவது வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஒருமுறை வலது கையில் ஊசி போட்டுவிட்டால் பதறவும் வேண்டாம். ஸ்லீவ் போட்டும் வற்றாவிட்டால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிணநீர்க் குழாயைப் பக்கத்துச் சிறு சிரையோடு மைக்ரோஸ்கோப்பில் தைத்து இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. குழாய்க்கு இன்னும் சுருங்கும் சக்தி இருக்கும்போது செய்தால்தான் பலன்.

மீன் கழுவும்போது வலது கையில் தடித்த ரப்பர் கையுறை போடுங்கள். நகம் வெட்டும்போது ஓரத்துச் சதையை வெட்டாதீர்கள், பாத்திரம் கழுவிய பிறகு மாய்ஸ்சரைசர் தடவுங்கள். மறுபடி சிவந்து சூடேறினால் ஸ்லீவைக் கழற்றிவிட்டு, மசாஜை நிறுத்திவிட்டு, அன்றே டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஜுரம் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வருஷத்தில் இரண்டு மூன்று முறை வந்தால், நீண்ட நாள் குறைந்த அளவில் பென்சிலின் போடலாமா என்று கேளுங்கள், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.