ஸ்கேன்களும் தட்டச்சுப் படிகளும்: எந்த வடிவம், எத்தனை பிரதி, எப்படிச் சரிபார்ப்பது

கேள்வி: "தாத்தாவின் கையெழுத்துக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து, தட்டச்சும் செய்து வருகிறேன். முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் இவை திறக்க வேண்டுமானால் எந்த வடிவத்தில், எப்படிச் சேமிப்பது?"

மூலப் படங்களை டிஃப் கோப்புகளாகவும், தட்டச்சுப் படிகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் வெறும் உரைக் கோப்புகளாகவும் வையுங்கள். இரண்டின் விவரக்குறிப்பும் பொதுவில் வெளியிடப்பட்டிருப்பதால், இன்றைய மென்பொருள் எதுவும் எஞ்சாவிட்டாலும் அவற்றைப் படிக்கும் நிரலை ஒருவர் புதிதாக எழுதிவிட முடியும். பிடிஎஃப் பகிர்வதற்கு வசதியானது. அதைத் தேவைப்படும்போது இவற்றிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 23 எம்பி வரும். 200 பக்கக் குறிப்பேடு ஒன்று ஏறத்தாழ 4.6 ஜிபியில் அடங்கிவிடும். ஏற்கெனவே ஜேபெக் கோப்புகளாக ஸ்கேன் செய்துவிட்டிருந்தால், அவற்றை டிஃபாக மாற்றுவதால் இழந்த நுணுக்கம் திரும்பி வராது. அந்த ஜேபெக்குகளையே மூலமாகக் கொண்டு, திருத்தி மறுபடி அதே பெயரில் சேமிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

உரையை யூனிகோடில் தட்டச்சு செய்திருக்கிறீர்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குப்பையாகத் தெரியும். படத்துக்கும் உரைக்கும் ஒரே எண்ணைப் பெயராகக் கொடுத்துப் பக்கத்துக்கு ஒரு கோப்பாக வைத்தால் (0047.tif, 0047.txt), எந்த மென்பொருளின் உதவியும் இல்லாமல் இரண்டுக்கும் உள்ள தொடர்பு நிலைக்கும். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்துகளைத் தவிர்க்கச் சொல்வேன். 'கொ' போன்ற எழுத்தை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்க இயலுமாதலால், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அதே பெயர் வேறு பெயராகக் கருதப்படக்கூடும்.

இதுவரை சொன்னவற்றைப் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். செய்யாமல் விடுவது, பிரதிகள் இன்னும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பதைத்தான். வன்தட்டில் ஒரு கோப்பு சிதைந்தால் அதன் பெயரும் அளவும் பெரும்பாலும் மாறுவதில்லை. யாரேனும் திறந்து பார்க்கும்வரை தெரியாது. ஆகவே ஸ்கேன் முடிந்த அன்றே, படங்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்தபின், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் அடையாள எண்ணை ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். லினக்ஸில் கட்டளை இது:

```
sha256sum scan/*.tif > manifest-sha256.txt
```

அந்தப் பட்டியலையும் படங்களுடன் ஒவ்வொரு பிரதியிலும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்படிச் சரிபாருங்கள்:

```
sha256sum -c --quiet manifest-sha256.txt
```

எல்லாம் சரியாக இருந்தால் திரையில் எதுவும் வராது. `scan/0047.tif: FAILED` என்று வந்தால், அந்தப் பிரதியில் 47ஆம் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது என்று பொருள். மற்றப் பிரதிகளில் இதே சோதனையை நடத்தி, தேறியதிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்து மாற்றினால் போதும். ஒரே ஒரு தட்டில் பல கோப்புகள் இப்படித் தவறத் தொடங்கினால் அந்தத் தட்டையே மாற்ற வேண்டும்.

இங்கே பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிழை வந்ததும் பட்டியலைப் புதிதாக உருவாக்கிவிட்டால் சோதனை தேறிவிடும். ஆனால் சிதைந்த கோப்பே சரியானது என்று பதிவாகி, அடுத்த பேக்கப்பில் நல்ல பிரதியின் மேலும் எழுதப்பட்டுவிடலாம். படங்களின் பட்டியல் ஒருமுறைதான் எழுதப்பட வேண்டும். தட்டச்சுப் படிகளைத் தொடர்ந்து திருத்துவீர்கள் என்பதால் அவற்றைத் தனிக் கோப்புறையில் தனிப் பட்டியலோடு வைத்து, திருத்தம் முடிந்த ஒவ்வொரு பதிப்பையும் தேதியுடன் வேறாகச் சேமியுங்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ ஒன்று. கோப்புறையைத் தானாக ஒத்திசைக்கும் கிளவுட் சேவையை மட்டும் நம்பாதீர்கள். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பென்டிரைவ் மின்னூட்டம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தரவை இழக்கக்கூடியது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

வன்தட்டும் நாற்பது ஆண்டுகள் உழைக்காது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றும்போது, புதியதிலேயே மேற்கண்ட சோதனையை நடத்தித் தேறிய பிறகு பழையதை விடுவியுங்கள்.