தீபாவளிப் பலகாரம்: ஜிஎஸ்டி பில் கேட்டால் என்ன செய்வது?

*கேள்வி: கடலூரில் வீட்டிலேயே தீபாவளிக்கு மூன்று வாரம் மட்டும் முறுக்கு, அதிரசம், லட்டு செய்து விற்கிறேன். போன வருடம் இரண்டரை லட்சத்துக்கு விற்றது. இந்த வருடம் ஒரு கம்பெனி 450 ரூபாய் விலையில் 150 பெட்டி கேட்கிறது. ஆனால் உணவுப் பாதுகாப்பு எண்ணும் ஜிஎஸ்டி பில்லும் வேண்டுமாம். தெரிந்தவர் ஒருவர் 6,000 ரூபாய்க்கு லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், பில்லை என் ஜிஎஸ்டியில் போடுகிறேன், 10 சதவீதம் கொடுங்கள் என்கிறார். சம்மதிக்கலாமா?*

வேண்டாம். அவருக்குக் கொடுக்கப்போவதை முதலில் கூட்டிப் பாருங்கள். 150 பெட்டிக்கு 67,500 ரூபாய். அதில் 10 சதவீதம் 6,750. லைசென்ஸுக்கு 6,000 சேர்த்தால் 12,750 ரூபாய். உங்களுக்கு நாலில் ஒரு பங்கு லாபம் நின்றாலும் அது 16,875தான். மூன்று வாரம் அடுப்படியில் நின்றவருக்கு நாலாயிரம் சொச்சம் மிஞ்சும்.

உணவுப் பாதுகாப்பு எண் உங்களுக்குக் கட்டாயம் தேவை. மூன்று வாரத் தொழிலுக்கும் விலக்கு இல்லை. ஆனால் உங்கள் அளவு விற்பனைக்கு லைசென்ஸே தேவையில்லை, பதிவு போதும். உங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளருக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். foscos.fssai.gov.in தளத்தில் உங்கள் புகைப்படம், அடையாள அட்டை, முகவரி விவரத்தோடு நீங்களே விண்ணப்பிக்கலாம். தேடும்போது மேலே வந்து நிற்கும் தளங்கள் பல தனியார் ஏஜென்டுகளுடையவை. முகவரி gov.in என்று முடியாவிட்டால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். ஏஜென்டின் எண்ணைக் கொடுத்துவிட்டால் பிறகு எதற்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். 14 இலக்க எண் கைக்கு வந்த பிறகே பெட்டி லேபிளை அச்சுக்குக் கொடுங்கள்.

சீசனுக்கு மட்டும் பலகாரம் செய்யும் பெண்கள் இந்த மாநிலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தமிழில் ஒரு பக்கப் படிவம் போட இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பதே அதனால்தான்.

ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். பெயர், முகவரி, பில் எண், தேதி, பெட்டி எண்ணிக்கை, தொகை எழுதிய சாதாரண பில் கொடுங்கள். அதில் வரி என்று எதையும் சேர்க்கக் கூடாது. கம்பெனி கணக்குப் பிரிவில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, ஜிஎஸ்டி சட்டம் 17(5) அதைத் தடுக்கிறது. ஆக, உங்களிடம் ஜிஎஸ்டி பில் இல்லாததால் அவர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை. கேட்பது பழக்கத்தில்தான்.

அந்தத் தெரிந்தவர் பெயரில் பில் போவதுதான் எனக்கு மிகவும் கவலை. காகிதத்தில் விற்றவர் அவர், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். தீபாவளி முடிந்து “கம்பெனி இன்னும் தரலை” என்று அவர் கைவிரித்தால் உங்களிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. உங்களிடம் அவர் சரக்கே வாங்காமல் பில் மட்டும் போட்டால் அது பொய் பில். விசாரணை வந்தால் உங்கள் வாசலுக்கும் வரும்.

கடலூர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 40 லட்சம் வரம்பு மாநிலத்துக்குள் விற்றால்தான். அந்தக் கம்பெனியின் புதுச்சேரிக் கிளைக்கு 30 பெட்டி நீங்கள் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை, முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊர்தான், ஆனால் சட்டத்துக்கு அது பெங்களூரு மாதிரிதான். வெளிமாநிலத்துக்குக் கூரியரில் ஒரு கிலோ அதிரசம் விற்று அனுப்பினாலும் இதே கதை. லட்சக்கணக்கில் விற்பவரையும் ஒரு கிலோ விற்பவரையும் ஒரே தராசில் வைக்கும் இந்த விதி அநியாயம் என்பதே என் கருத்து, ஆனாலும் இன்று இருப்பது இதுதான். ஆகவே எல்லாப் பெட்டிகளையும் கடலூரிலேயே ஒப்படையுங்கள், பில்லிலும் கடலூர் முகவரியே இருக்கட்டும். புதுச்சேரிக்குக் கொண்டுபோவது கம்பெனியின் வேலை. வாட்ஸ்அப்பில் வெளிமாநிலத்திலிருந்து ஆர்டர் கேட்பவர்களிடமும், இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கம்பெனியிடம் எழுத்தில் ஆர்டரும் பாதித் தொகை, அதாவது 33,750 ரூபாய், முன்பணமும் வாங்காமல் நெய்யும் கடலை மாவும் வாங்கப் போகாதீர்கள். மீதியைப் பெட்டி இறக்கும் அன்றே கேளுங்கள். 30 நாள் கடன் என்றால் பெட்டிக்கு விலையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் 50 பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.