25-ஆ, 10-ஆ, 15-ஆ?

கேள்வி: ஐந்து பேரிலிருந்து இரண்டு பேர் கொண்ட கூறுகள் எத்தனை எடுக்கலாம்? பாடப் புத்தகத்தில் 25 என்று இருக்கிறது. கைடில் 10. டியூஷன் சார் 15 என்கிறார். என் மகள் தேர்வில் எதை எழுதுவது?

பதில்: மூன்றுமே சரியான எண்கள்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஒரு டம்ளரில் ஐந்து சீட்டுகளைப் போடுங்கள். அவற்றில் 2, 4, 6, 8, 10 என்று எழுதியிருக்கட்டும். ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஐந்து வாய்ப்பு. 5 × 5 = 25. திரும்பப் போடாவிட்டால் இரண்டாம் முறை நான்குதான், ஆக 20. '2, 4' வந்ததும் '4, 2' வந்ததும் ஒன்றே என்று கொண்டால் அது பாதியாகி 10. கைடு சொல்வது இந்த 10. மூன்று சீட்டு எடுத்தால் பாதியாக்கக் கூடாது, 6-ஆல் வகுக்க வேண்டும்.

இனி அந்த 15. திரும்பப் போட்டு எடுத்து, வரிசையைக் கண்டுகொள்ளாவிட்டால் எத்தனை? 25-ஐப் பாதியாக்கினால் பன்னிரண்டரை வரும், அங்கேயே உஷாராகிவிட வேண்டும். '2, 2' போன்ற ஐந்து ஜோடிகளைத் திருப்பிப் போட்டாலும் அதேதான். அதனால் 10-உடன் அந்த 5-ஐக் கூட்டி 15.

எண்ணிக்கையோடு நிறுத்தினால் 15 சரி. ஆனால் தேர்வில் அடுத்த வரியிலேயே கூறுகளின் சராசரிக்குப் பரவற்படி, அதாவது அந்தச் சராசரிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, கேட்பார்கள். அந்த 15-உம் சம வாய்ப்புள்ளவை அல்ல. '2, 4' இரண்டு வழியில் வரும், '2, 2' ஒரே வழியில்தான் வரும். 15-ஐயும் சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் சராசரி 6 என்று சரியாகவே வந்து தொலைக்கும். அதனால் தப்பு கண்ணில் படாது. பரவற்படியில்தான் குட்டு வெளிப்படும்: 4 வர வேண்டிய இடத்தில் 4.67 வரும். 25 கூறுகளையும் எழுதிப் போட்டால் 4. திரும்பப் போடாத 10 கூறுகளில் 3. இந்த 3 தப்பல்ல, அந்த முறைக்கு அதுதான் விடை.

தேர்வுக்கு முந்தின வாரம் 'எல்லாச் சூத்திரமும் ஒரே தாளில்' என்று அட்டை விற்பார்கள். வாங்காதீர்கள். நான் பார்த்த ஓர் அட்டையில் நான்கு சூத்திரமும் இருந்தன, எதை எப்போது போடுவது என்று ஒரு வரிகூட இல்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 'திரும்ப வைத்து' என்ற இரண்டு சொல்லை எழுதச் சோம்பல்பட்டு, விடைக்குறிப்பில் மட்டும் 25 என்று போட்டுவிடுவார்கள்.

கேள்வியில் 'திரும்ப வைத்து' என்றிருந்தால் மகள் 25 எழுதட்டும், 'திரும்ப வைக்காமல்' என்றால் 10. ஒன்றுமே சொல்லாவிட்டால் முதல் வரியில் 'திரும்ப வைக்காமல் எடுப்பதாகக் கொள்கிறேன்' என்று எழுதிவிட்டு, பத்து ஜோடிகளையும் பட்டியலாகப் போட்டு, அப்புறம் கணக்கைத் தொடங்கட்டும்.