தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுவது ஏன்?

கேள்வி: டாக்டர், பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலிலும் 90 செ.மீ. தான் மிச்சம், வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கத் தாகம், நாலு லிட்டர் தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை. பை நாலரை லிட்டர் வரை நிரம்புகிறது, சிறுநீர் 400 மில்லி கூட வருவதில்லை, ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது. வீட்டிலேயே டிரிப்ஸ் மூலம் சத்து ஏற்றச் சொல்கிறார்கள். வாய் வழியாகவே சமாளிக்க முடியாதா?

பதில்: முழுவதும் முடியாது, ஆனால் டிரிப்ஸின் அளவைக் குறைக்க முடியும். அதற்கு முதலில் அந்த நாலு லிட்டர் தண்ணீரை நிறுத்த வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். பை வைத்தவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள், உங்கள் விஷயத்தில் அது தவறான அறிவுரை.

உங்களுக்கு மிஞ்சியிருப்பது சிறுகுடலின் மேல்பகுதி. அதன் சுவர் சல்லடை மாதிரி. உப்பில்லாத எது உள்ளே போனாலும், தண்ணீரோ டீயோ ஜூஸோ, ரத்தத்திலிருக்கும் உப்பு குடலுக்குள் கசிந்து அதோடு கலந்துவிடும். மற்றவர்களுக்கு அதைக் கீழ்ச்சிறுகுடலும் பெருங்குடலும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், உங்களுக்கு நேராகப் பைக்குப் போய்விடுகிறது. பையில் விழும் ஒவ்வொரு லிட்டரிலும் ஐந்து கிராமுக்கு மேல் உப்பு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரை லிட்டர் என்றால் ஒரே நாளில் சுமார் 25 கிராம். உப்பு போனால் தாகம் வரும், தாகம் வந்தால் தண்ணீர் குடிப்பீர்கள், அது இன்னும் உப்பை இழுத்துக்கொண்டு போகும். கணக்கைப் பாருங்கள்: உள்ளே போனது நாலு, வெளியே வந்தது கிட்டத்தட்ட ஐந்து.

இந்த நிலையில் வீட்டில் நீங்களாகத் தண்ணீரைக் குறைத்துப் பார்க்காதீர்கள், சிறுநீரகம் அடிவாங்கும். இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து சலைன் ஏற்றித் தாகத்தை அடக்கிவிட்டு, அப்புறம் குறைப்பதுதான் முறை. ரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள், சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடம்பு உப்புக்குத் தவிக்கிறது என்று அர்த்தம்.

வீடு திரும்பியதும் தண்ணீர், டீ எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர், அவ்வளவுதான். அதோடு உப்புக் கரைசல் ஒரு லிட்டர்: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். ருசி நன்றாக இருக்காது, குளிரவைத்து நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தால் இறங்கும். குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபெரமைடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள், பின்பு போட்டால் பாதி பயன்தான்.

கால் இழுப்பது பெரும்பாலும் மெக்னீசியம் குறைவால். உப்புக் குறைந்தால் சிறுநீரகம் மெக்னீசியத்தை வெளியே விட்டுவிடும், அதனால் உப்பைச் சரிசெய்யாமல் மெக்னீசியம் மாத்திரை மட்டும் போட்டால் நிற்காது, பை வேண்டுமானால் இன்னும் நிரம்பும்.

இனி டிரிப்ஸ். பை வைத்தவருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான சிறுகுடல் என்றால் உப்புநீராவது நரம்பு வழியே போக வேண்டியிருக்கும், எடையும் இறங்கினால் சத்தும் சேர்த்து. கைநரம்பு இந்த அடர்த்தியைத் தாங்காது. அதனால் மார்புத் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயை ஓட்டி, இதயத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய ரத்தக்குழாயில் அதன் முனையை வைப்பார்கள். ராத்திரி படுக்கும்போது மாட்டினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பம்பு ஓடும், காலையில் கழற்றிவிட்டு வேலைக்குப் போகலாம். கடைசி ஒரு மணி நேரம் வேகத்தைக் குறைத்து முடிக்கச் சொல்வார்கள், சட்டென்று நிறுத்தினால் சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வாய் வழியாகவும் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும்.

எனக்குப் பயம் குழாயின் மூடியைப் பற்றித்தான். மாட்டும்போதும் கழற்றும்போதும் கையைக் கழுவி, மூடியை ஆல்கஹால் துணியால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டுத்தான் தொட வேண்டும். அவசரத்தில் காயவிடாமல் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். டிரிப்ஸ் ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், கிருமி குழாயில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி, குழாயைக் கிளிப் போட்டு மூடிவிட்டு அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், காய்ச்சல் மாத்திரை போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எப்போது நிற்கும் என்றும் கேட்பீர்கள். பெருங்குடல் கொஞ்சம் மிஞ்சியவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் குடல் பழகிக்கொண்டு டிரிப்ஸ் குறையும். உங்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. இரவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதைக் குறியாக வையுங்கள். அடுத்த ஒரு வாரம் ஓர் அளவுக் குவளையை வைத்துக்கொண்டு பையில் வருவதையும் சிறுநீரையும் தனித்தனியாகக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் நாளைக்கு ஒரு லிட்டரை எட்டிப் பை இரண்டு லிட்டருக்குள் வந்த பிறகு, ஒரு ராத்திரியை விட்டுப் பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.